சிவப்பு அட்டையைத் தொங்கவிடும் முன்: தையல் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர் ஏற்றுமதி யூனிட்டுகளில் தையல் பிரிவை நடத்தும் மேலாளர்களுக்கும் ஃப்ளோர் இன்சார்ஜ்களுக்கும் லைன் சூப்பர்வைசர்களுக்கும்,

உங்களில் பலர் இன்லைன் செக்கிங்கைக் கொண்டுவந்திருக்கிறீர்கள். சிலர் கொண்டுவரப் போகிறீர்கள். லைன் முடிவில் மொத்தமாகச் செக்கிங் செய்து தவறான பீஸ்களை ஆல்ட்டருக்குத் திருப்பி அனுப்புவது பழைய வழக்கம். புதிய முறையில் செக்கர் சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு மெஷினிடமும் போய், தைத்து வைத்த பண்டலிலிருந்து 7 பீஸ் உருவிப் பார்க்கிறார். குறை இல்லாவிட்டால் மெஷின் மேல் பச்சை அட்டை, சிறு குறை என்றால் மஞ்சள், அதற்கு மேல் போனால் சிவப்பு. குறை பிறக்கும் இடத்திலேயே பிடித்துவிடுவதால் முறையில் தப்பு எதுவும் இல்லை. ஆனாலும் பல இடங்களில் இது ஒரே மாதிரிதான் முடிகிறது. முதல் இரண்டு வாரம் எல்லாரும் சுறுசுறுப்பாக இருப்பார்கள். பிறகு லைன் முழுவதும் பச்சை அட்டையாகத் தொங்கும், கடைசி டேபிளில் ஆல்ட்டர் மட்டும் குறையாது. ஒரு கட்டத்தில் அட்டைகள் ஏதோ ஒரு டிராயருக்குள் போய்விடும். அடுத்த ஆடிட் வரும்போது தூசி தட்டி மறுபடி மாட்டுவார்கள்.

'இந்த ஊர் டெய்லர்கள் மாற மாட்டார்கள்' என்ற பேச்சு அந்த நேரத்தில் எழும். நான் இந்த மடலை எழுதுவது அந்தப் பேச்சுக்கு எதிராகத்தான். மாற்றம் ஏன் நின்றது என்பதை ஒரு தாளில் வரைந்து கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அதன் அடிப்படைக் கருத்து சோதிக்கப்பட்ட இடங்களில் ஒன்றும் நம்முடையதைப் போன்ற ஒரு தையல் ஆலைதான்.

வழியின் பெயர் விசைப்புல ஆய்வு. அதற்கு அடிப்படை போட்டவர் கர்ட் லெவின் என்ற உளவியலாளர். ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த யூதர். ஒரு குழுவின் நடத்தை ஓர் அளவில் நின்றுகொண்டிருக்கிறது என்றால், அங்கே எதுவும் நடக்கவில்லை என்று பொருள் இல்லை, மேலே தள்ளும் விசைகளும் கீழே இழுக்கும் விசைகளும் அந்த இடத்தில் சமமாகியிருக்கின்றன என்பது அவர் கருத்து. எதையும் மாற்ற நினைப்பவர் முன்னால் இரண்டு வழிகள் உண்டு: தள்ளும் விசையைக் கூட்டலாம், அல்லது தடுக்கும் விசையைக் குறைக்கலாம். இரண்டிலும் அளவு ஒரே இடத்துக்கு உயரக்கூடும், ஆனால் உள்ளே இருக்கும் இறுக்கம் ஒன்றாக இருக்காது. கயிறு இழுக்கும் போட்டியில் பக்கத்துக்கு இரண்டு பேர் இழுத்தாலும் இருபது பேர் இழுத்தாலும் நடு முடிச்சு அசையாமல் நிற்கலாம். இருபது பேர் இழுக்கும் கயிறுதான் அறுந்துபோகும்.

லெவின் 1947-ல் இறந்தார். அடுத்த ஆண்டில் லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் என்ற இருவர், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற சிற்றூரில் இருந்த ஹார்வுட் பைஜாமா ஆலையில் செய்த சோதனையை வெளியிட்டார்கள். அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள், கூலி பீஸ் ரேட். மணிக்கு 60 யூனிட் என்பது ஆலை வகுத்திருந்த அளவு. நமக்கு இருக்கும் அதே தலைவலி அவர்களுக்கும் இருந்தது. வேலையில் ஒரு சின்ன மாற்றம் செய்தாலும் கை தேர்ந்தவர்களின் உற்பத்தி சரியும், மாதக்கணக்கில் மீளாது, பலர் நின்றுவிடுவார்கள். இடம் மாற்றப்பட்ட அனுபவசாலிகள், புதிதாகச் சேர்ந்தவர்களைவிட மெதுவாகவே புது வேலையைப் பிடித்தார்கள். பழைய கைப்பழக்கம் குறுக்கே வருகிறதா என்று அசைவுகளைக் கவனித்துப் பார்த்தார்கள். முதல் வாரத்துக்குப் பிறகு தப்பான அசைவுகள் அதிகம் இல்லை. அப்படியானால் கோளாறு கையில் இல்லை.

சோதனைக்கு அவர்கள் மூன்று வழிகளை வைத்துக்கொண்டார்கள். அயர்ன் போடும் 18 பேர் கொண்ட குழுவிடம் மாற்றத்தை அறிவித்துக் காரணத்தையும் சொன்னார்கள். அரை டஜனாக அட்டை மேல் அடுக்கிவந்ததை இனிப் பெட்டிக்குள் அடுக்க வேண்டும், அதற்கு டஜனுக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கணக்கில் சேரும், அவ்வளவுதான் மாற்றம். மடிப்பு வேலை செய்யும் 13 பேர் கொண்ட இன்னொரு குழு தன் பிரதிநிதிகள் வழியாகப் புது முறையை வகுப்பதில் கலந்துகொண்டது. செக்கிங் செய்யும் 8 பேர், 7 பேர் கொண்ட இரண்டு சிறு குழுக்களில் எல்லாருமே உட்கார்ந்து பேசி முறையை வகுத்தார்கள்.

முதல் குழுவின் உற்பத்தி 50-ஐ ஒட்டிச் சரிந்து அங்கேயே நின்றது. முறை வகுத்த பொறியாளரோடு மோதல், சூப்பர்வைசரோடு ஒத்துழையாமை, வேண்டுமென்றே மெதுவாகச் செய்தல் எல்லாம் வந்தன. 40 நாளுக்குள் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள். புது ரேட் கட்டாது என்று புகார் போட்டார்கள். ரேட்டைச் சரிபார்த்தபோது அது தொழிலாளர்களுக்குச் சற்றுச் சாதகமாகவே இருந்தது தெரிந்தது. பிரதிநிதிகள் வழியாகக் கலந்துகொண்ட குழு 14 நாளில் 61-ஐத் தொட்டது. எல்லாருமே கலந்துகொண்ட குழுக்கள் அதைவிடச் சீக்கிரம் மீண்டு, மாற்றத்துக்கு முன் இருந்ததைவிட ஏறக்குறைய 14 சதவீதம் மேலே போய் நின்றன. இந்தக் குழுக்களில் அந்த 40 நாளில் ஒருவர்கூட நிற்கவில்லை. முதல் குழுவில் எஞ்சியிருந்த 13 பேரைச் சில மாதம் கழித்து மறுபடி ஒன்றுசேர்த்து, இம்முறை அவர்களையும் கலந்துகொண்டே வேறொரு வேலைக்கு மாற்றினார்கள். அதே ஆட்கள் மளமளவென்று ஏறினார்கள். ஆட்களின் குணம்தான் காரணம் என்று சொல்லும் வாய் அங்கே அடைபட்டது.

அந்தக் கட்டுரையில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட பகுதி ஒரு தனிப் பெண்ணைப் பற்றியது. ஒரு மாற்றத்துக்குப் பிறகு அவர் குழு 50 பக்கம் நின்றுவிட்டது. இவர் மட்டும் இரண்டு வாரத்துக்குள் குழுவைத் தாண்டி மேலே போனார். உடனே மற்றவர்கள் அவரை ஒதுக்கி வாட்டத் தொடங்கினார்கள், அவர் உற்பத்தியும் கீழே இறங்கியது. பிறகு குழுவைக் கலைத்து மற்றவர்களை வேறு இடங்களுக்கு அனுப்பினார்கள். இவர் மட்டும் அதே வேலையில் தனியாக இருந்தார். 45-ல் இருந்தவர் 4 நாளில் 96-க்குப் போனார். கூலி ரேட் மாறவில்லை, போனஸ் எதுவும் கூடவில்லை, மேலதிகாரியின் அதட்டலும் ஏறவில்லை. ஒரே ஒரு தடை விலகியது, அது கண்ணுக்குத் தெரியாத தடை. நம் லைன்களிலும் இப்படிப் பிடித்து வைக்கப்பட்ட கைகள் இருக்கின்றன என்று உறுதியாக நம்புகிறேன்.

இனி நம் தளத்துக்கு வருகிறேன். விளக்கத்துக்காக ஒரு லைனைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு நாளைக்கு 800 டி-ஷர்ட், ஆல்ட்டர் நூற்றுக்கு 12. நாளொன்றுக்கு 96 பீஸ் திரும்பி வருகிறது. பிரித்துத் தைக்க பீஸுக்கு 3 நிமிடம் என்று வைத்தாலும் ஒரு டெய்லரின் ஏறக்குறைய 5 மணி நேர வேலை அதிலேயே போகிறது. ஆல்ட்டரை நூற்றுக்கு 5-க்குக் கொண்டுவர வேண்டும், அதற்கு இன்லைன் செக்கிங் வேண்டும் என்பது உங்கள் முன்மொழிவு.

முதல் வேலை, தாளின் நடுவில் ஒரு கோடு போட்டு '12' என்று எழுதுவது. 'தரம் உயர வேண்டும்' என்று எழுதினால் ஆய்வு அங்கேயே செத்துவிடும். எந்த அளவு, இன்று எங்கே நிற்கிறது என்பது எண்ணாக இருக்க வேண்டும். அடுத்து இரண்டு கேள்விகள் கேளுங்கள். ஏன் 5-க்கு இறங்கவில்லை என்று எல்லாரும் கேட்கிறோம். ஏன் 25-க்கு ஏறவில்லை என்று யாரும் கேட்பதில்லை. இந்த இரண்டாவது கேள்விதான் ஏற்கெனவே நமக்குச் சாதகமாக வேலை செய்துகொண்டிருக்கும் விசைகளைக் காட்டும். ஆல்ட்டர் பீஸுக்கு டெய்லருக்குத் தனிக் கூலி கிடையாது, அது ஒரு விசை. பையரின் கடைசி இன்ஸ்பெக்ஷன் இன்னொன்று. மேலாளரின் கண் மூன்றாவது. தன் கையில் தப்பான பீஸ் போகக் கூடாது என்ற தொழில் கௌரவம் நான்காவது. மேலாளர்கள் வரையும் தாளில் இந்த நான்காவதை அபூர்வமாகவே பார்க்கிறேன், ஆனால் அதைக் கெடுத்துவிட்டால் மற்ற மூன்றும் சேர்ந்தாலும் அதன் இடத்தை நிரப்பாது.

கோட்டின் மறுபக்கத்தில் தடைகள். மணிக்கொரு முறை போர்டில் எழுதப்படும் டார்கெட் முதல் தடை. நின்று சரிபார்த்தால் பீஸ் போகும், பீஸ் போனால் சனிக்கிழமைக் கூலி குறையும். சிவப்பு அட்டை தரும் அவமானம் அடுத்தது. இருபது பேர் நடுவே ஓர் அக்காவின் தலைக்கு மேல் அது தொங்குகிறது, அவருக்குக் கீழே தொழில் கற்றவர்கள் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள். செக்கரின் நிலை இன்னொரு தடை. பெரும்பாலும் அவர் டெய்லரைவிடக் குறைந்த கூலி வாங்குபவர், வயதிலும் இளையவர், மதியம் அதே கூட்டத்தோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியவர். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த தையற்காரரிடம் குறை என்ன என்று விளக்க அவருக்கு மொழியும் இருக்காது. மெஷின் கோளாறும் தடைதான். ஊசி மழுங்கியிருக்கும், லூப்பர் தட்டும், மெக்கானிக்கைக் கூப்பிட்டு அரை மணி ஆகியிருக்கும். தையல் விட்டுப்போனால் சிவப்பு அட்டை மட்டும் டெய்லருக்கு.

ஒவ்வொரு விசைக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவது வழக்கம். போடுங்கள், ஆனால் கூட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இந்தப் பக்கம் 14, அந்தப் பக்கம் 15, ஆகவே ஒரு புள்ளிதான் பாக்கி என்று கணக்குப் போடுவதைப் பயிற்சி வகுப்புகளில் கற்றுத் தருகிறார்கள். அதை நான் தவறு என்றே சொல்வேன். இந்த எண்கள் எடைக்கல் இல்லை. அவமானம் 4, டார்கெட் 5 என்றால் இரண்டையும் கூட்டிய 9 எதையும் அளக்கவில்லை. எண்ணின் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. அதே தாளை மேலாளர்கள் ஒரு முறையும் சூப்பர்வைசர்கள் ஒரு முறையும் டெய்லர்கள் ஒரு முறையும் செக்கர்கள் ஒரு முறையும் தனித்தனியாகப் போடட்டும். சிவப்பு அட்டையின் அவமானத்துக்கு நீங்கள் 2 போட்டு, டெய்லர்கள் 5 போட்டால், அந்த மூன்று புள்ளி வித்தியாசம்தான் நீங்கள் கண்டுபிடித்த பொருள். உங்களுக்குத் தெரியாமல் இருந்த தடை அங்கே இருக்கிறது. மெக்கானிக் தாமதத்தை நீங்கள் தாளிலேயே எழுதாமல் விட்டிருக்க, டெய்லர்கள் அதை முதலில் எழுதியிருந்தால், அதுவும் அப்படியே.

தனித்தனியாக என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேலாளர் அறையில், மேலாளர் பேனா பிடிக்க, எல்லாரையும் சேர்த்து உட்காரவைத்தால் டார்கெட்டைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். 'பழக்கம் இல்லை சார், பழகிடும்' என்பார்கள். அந்த வாக்கியம் தாளில் அதிகமாக வந்தால் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். டெய்லர்கள் மட்டும் ஐந்தாறு பேராக, அவர்கள் நம்பும் ஒருவர் எழுத, மதிய இடைவேளையை வெட்டாமல் கூலியுள்ள நேரத்தில் உட்காரட்டும்.

தாள் தயாரானதும் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது தள்ளும் விசையைக் கூட்டுவது. சிவப்பு அட்டைக்கு அபராதம் போடுவோம், பச்சைக்கு ஊக்கத்தொகை கொடுப்போம் என்று பேச்சு வரும். இதில் என்ன நடக்கும் என்று தாளிலேயே தொடர்ந்து பாருங்கள். அபராதம் ஏறினால் அவமானமும் கூடவே ஏறுகிறது. செக்கர் மேல் வரும் அழுத்தமும் ஏறுகிறது. அவர் பண்டலின் மேலே இருக்கும், டெய்லரே அடுக்கி வைத்த 7 நல்ல பீஸை எடுப்பார். அட்டை பச்சை. தொழில் கௌரவம் என்ற நான்காவது விசையோ, பணக் கணக்காக மாறித் தேய்கிறது. ஒரு விசையைக் கூட்டினோம், எதிர்ப்பக்கத்தில் இரண்டு கூடின, நம் பக்கத்திலேயே ஒன்று குறைந்தது. ஹார்வுட்டின் முதல் குழுவில் கண்ட இறுக்கம் இங்கேயும் வரும்.

இது நடக்கிறதா என்று கண்டுபிடிக்க இரண்டு எண்களை ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் போதும்: லைனில் பச்சை அட்டைகளின் பங்கு, கடைசி டேபிளில் ஆல்ட்டரின் பங்கு. முறை உண்மையாக வேலை செய்தால் தொடக்கத்தில் சிவப்பும் மஞ்சளும் நிறைய வரும், ஆல்ட்டர் குறையத் தொடங்கும், அதற்குப் பின்னால்தான் பச்சை கூடும். பச்சை முதலில் கூடி ஆல்ட்டர் அசையாமல் நின்றால், தடைகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, மறைந்து மட்டும் இருக்கின்றன. கூலி வாங்கிய மறுநாளிலிருந்து ஆள் வராமல் போவது கூடுகிறதா என்பதையும் பாருங்கள். இறுக்கம் எண்ணில் தெரியும் முன்பே வருகைப் பதிவேட்டில் தெரிந்துவிடும்.

தடையைக் குறைக்கும் வழியில் எல்லாத் தடைகளையும் ஒரே நேரத்தில் தொட வேண்டியதில்லை. எது வலுவானது, எது நம் கையால் அசையக்கூடியது என்று இரண்டையும் பார்த்து ஒன்றோ இரண்டோ எடுங்கள். நம் கற்பனை லைனில் டார்கெட்தான் வலுவானது. அதை ஒரேயடியாக எடுக்க முடியாது, ஷிப்மென்ட் தேதி இருக்கிறது. ஆனால் ஸ்டைல் மாறிய முதல் சில நாளில்தான் குறை அதிகம் வருகிறது. அந்த நாட்களுக்கு மட்டும் போர்டு டார்கெட்டைப் பாதியாக்கி, கூலியை அவரவரின் முந்தைய வாரச் சராசரியால் காப்பாற்றலாம். இதற்கு ஆகும் பணத்தை முதலாளியிடம் எப்படிக் கேட்பது என்பீர்கள். மேலே போட்ட 5 மணி நேரக் கணக்கோடு, செக்கிங் டேபிளின் கூலியையும் ரிஜெக்ட் ஆன துணியின் விலையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போங்கள்.

இரண்டாவதாக மெக்கானிக். சிவப்பு அட்டை வந்தால் முதலில் மெஷினைப் பார்ப்பது, பிறகு கட்டிங்கிலிருந்து வந்த பேனலைப் பார்ப்பது, அதற்குப் பிறகே கையைப் பார்ப்பது என்று வரிசையை மாற்றுங்கள். இதற்குச் செலவே இல்லை. ஆனால் அதே சிவப்பு அட்டை, குற்றம் சாட்டும் அட்டையாக இருந்தது போய் உதவிக்கு ஆளைக் கூப்பிடும் அட்டையாகிவிடுகிறது. ஒரு தடையைத் தொட்டால் பக்கத்திலிருக்கும் அவமானமும் சேர்ந்து தளர்கிறது. செக்கருக்குத் துணிவு வருவதும் இதிலிருந்துதான். அவர் லைன் சூப்பர்வைசருக்குக் கீழே இல்லாமல் குவாலிட்டிப் பிரிவுக்குப் பதில் சொல்பவராக இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டு வாரம் கழித்து கோட்டை மறுபடி வரையுங்கள். 12 இருந்த இடத்தில் 9 இருக்கலாம், அந்த 9-ஐப் பிடித்து வைத்திருக்கும் விசைகள் பழையவை அல்ல. முதல் தாளைச் சுவரில் ஒட்டிவைத்து ஆறு மாதம் அதையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள், இல்லாத தடையோடு மோதிக்கொண்டிருப்பார்கள்.

இதன் எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். ஹார்வுட்டின் குழுக்கள் மிகச் சிறியவை. ஃபிரெஞ்சும் வேறு சிலரும் நார்வேயில் ஒரு காலணி ஆலையில் இதே போன்ற சோதனையைச் செய்து 1960-ல் வெளியிட்டபோது உற்பத்தியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. தொழிலாளர்களிடம் விடப்பட்ட முடிவுகள் உற்பத்தியோடு அதிகத் தொடர்பில்லாத விஷயங்களாக இருந்தது, ஆய்வாளர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. நமக்கு இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. டார்கெட்டையும் கூலியையும் தொடவே விடாமல், அட்டை எந்த நிறம் என்று மட்டும் டெய்லர்களைக் கேட்டால் அது கலந்தாலோசனை ஆகாது, அவர்களுக்கும் அது புரிந்துவிடும். முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்றால் அதை நேராகச் சொல்லிவிடுங்கள். எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்று தொடக்கத்திலேயே பிரித்துச் சொன்னால், மாற்றக்கூடியதைப் பற்றி அவர்கள் உண்மையாகப் பேசுவார்கள்.

இன்னொன்று. ஒரு மாற்றம் சரியா தப்பா என்று இந்தத் தாள் சொல்லாது. எதிர்ப்பு பலமாக இருப்பதால் மாற்றம் தப்பு என்றும் ஆகாது, ஆதரவு இருப்பதால் சரி என்றும் ஆகாது. தீ பிடித்தால் வெளியேறும் வழியில் பண்டல் அடுக்கக் கூடாது என்பதற்கு யாரும் விசை எண்ண வேண்டியதில்லை, இன்றே அகற்ற வேண்டும். சில நேரம் தடையாக நிற்பவர் சொல்வதே உண்மையாக இருக்கும். எதிர்ப்பைப் பேசிப் பேசிக் கரைப்பதற்கும், மாற்றத்தையே திருத்துவதற்கும் அதே தாளில் இடம் உண்டு. இரண்டாவதற்குத் தயாராக இல்லாதவர் இதைத் தொடாமல் இருப்பதே மேல்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய வேலை இல்லை. அடுத்த ஸ்டைல் லைனில் ஏறும் முன், அபராதப் பட்டியலைத் தயாரிக்கும் முன், ஒரே ஒரு லைனை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு தாள் போடுங்கள், அந்த லைனின் டெய்லர்கள் ஒரு தாள் போடட்டும், செக்கர்கள் ஒரு தாள் போடட்டும். மூன்றையும் ஒரே மேசையில் விரித்து, எந்த விசையில் உங்கள் மதிப்பெண்ணும் அவர்களுடையதும் அதிகமாக விலகுகின்றனவோ அந்த ஒன்றை முதலில் சரி செய்யுங்கள். அதன் பிறகு அட்டையை மாட்டுங்கள்.